அ-வும் இ-யும் மட்டும் சரி

அலுவலகத்தில் அவருக்கு ‘மேற்கண்டவை மேடம்’ என்று பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருக்கிறது. அதற்கு யாரும் தொந்தரவு கொடுப்பதில்லை.

வேலை, கேள்வி எழுதுவது. கேஸ் அடுப்பு, சிலிண்டர், குழாய், ரெகுலேட்டர் இவற்றைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கிளம்பும் ஆட்களுக்கு உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமென்றால் ஐம்பது கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாதியாவது சரியாக இருக்க வேண்டும். அந்த ஐம்பதில் இருபத்தைந்து மேடத்தின் கைவண்ணம். மேடத்தின் வண்ணம் எப்படி இருக்குமென்றால், இப்படி இருக்கும்:

சமையல் கேஸ் பற்றிய கூற்றுகளில் சரியானவை எவை?
அ. அது காற்றைவிடக் கனமானது.
ஆ. அதற்கு இயற்கையிலேயே கடுமையான வாசனை உண்டு.
இ. கசிந்தால் அது தாழ்வான இடத்தில் தேங்கும்.
ஈ. கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கலாம்.

மேற்கண்டவற்றில் சரியானவை: 1. அ, இ மட்டும். 2. அ, ஆ மட்டும். 3. இ, ஈ மட்டும். 4. அ, ஆ, இ மட்டும்.

சரியான விடை முதலாவது. வாசனை இயற்கையாக வருவதல்ல, கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று கம்பெனிக்காரர்கள் கலப்பது. தீக்குச்சி விஷயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியவர்களுக்கு விளக்குவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

சரியான பதில் இரண்டு இருந்தால் இரண்டு வட்டத்தையும் நிரப்பச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்தக் கூட்டணி என்று கேட்கலாம். விடைத்தாளைத் திருத்துவது இயந்திரம். ஒரு கேள்விக்கு நான்கு வட்டம், ஒன்றை மட்டும் கறுப்பாக்க வேண்டும். இரண்டு கறுப்பைப் பார்த்தால் அதற்குக் கோபம் வந்து பூஜ்யம் போட்டுவிடும். அதனால் உண்மை எத்தனை தலையோடு வந்தாலும் அதை ஒரே வட்டத்துக்குள் திணித்தாக வேண்டும்.

மேடம் இந்த வேலைக்கு வருவதற்கு முன், ஒரு கேஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரிலுள்ள சமையலறைகள் எல்லாம் வந்து விழும். “மேடம், வாசனை வந்துச்சு, தீக்குச்சி கிழிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை, அப்போ கசிவு இல்லைதானே?” “மேடம், சிலிண்டரைப் படுக்கப் போட்டா கடைசிச் சொட்டு வரைக்கும் வருமாமே?” “மேடம், குழாய்ல ஓட்டை. பபிள்கம் ஒட்டியிருக்கேன். நாளைக்கு ஆள் அனுப்பினாப் போதும், அவசரமில்லை.” ஒருவரையும் அவர் திட்டியதில்லை. ஜன்னலைத் திறக்கச் சொல்லி, சுவிட்சைத் தொடாதீர்கள் என்று கெஞ்சி, ரெகுலேட்டரை மூட வைத்து, வீட்டிலுள்ளவர்களை வெளியே அனுப்பிய பிறகுதான் மூச்சு விடுவார்.

அவருடைய தவறான கூற்றுகள் எல்லாம் அந்த அழைப்புகளிலிருந்து வந்தவை. மற்றவர்கள் தவறான விடையைக் கற்பனை செய்வார்கள். மேடத்துக்குக் கற்பனையே தேவைப்படவில்லை. பபிள்கம் வரைக்கும் காதால் கேட்டது. தவறான கூற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் இருந்தது. அதைத் தட்டச்சு செய்யும்போது அவர் முகத்தில், பழைய பக்கத்து வீட்டுக்காரரை வழியில் பார்த்தது போல ஒரு சிரிப்பு வரும்.

அவர் வந்து சேரும்வரை தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான். குருட்டாம்போக்கில் குத்தினால்கூட நாலில் ஒன்று விழும். “ஒத்தை பதிலா இருக்கறதாலதான் குத்திட்டுப் போயிடறாங்க. கூட்டா கேட்டா யோசிச்சுத்தானே ஆகணும்?” என்று மேடம் இயக்குநரிடம் வாதாடி, பாதித் தாளைத் தன் பாணிக்கு மாற்றினார். மீதிப் பாதி, எதிர் மேசையில் இருந்த மூத்தவரிடம் நின்றது. ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு காபி என்று வாழ்ந்தவர். அவருக்கு ‘ஒத்தை விடை’ என்று பெயர். இருவருக்கும் சண்டை கிடையாது. ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போடும்போது முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

ஒருமுறை ஒத்தை விடை, கணினியிலிருந்து ஒரு கணக்கை எடுத்துவந்து காட்டினார்.

“பாருங்க மேடம். என் கேள்வியில நல்லாப் படிச்சவன் தேறுறான், படிக்காதவன் விழறான். உங்க கேள்வியில ரெண்டு பேரும் தேறுறாங்க. மொத்தத்துல கடைசியா வந்தவன்கூட உங்க பக்கத்துல மார்க்கை அள்ளியிருக்கான்.”

“அப்போ என் பாடத்தை எல்லாரும் நல்லாப் படிக்கறாங்கன்னு அர்த்தம் சார்.”

“இல்ல, அது வந்து…”

“பொறாமை கூடாது சார். காபி ஆறுது பாருங்க.”

அவர் காபியைக் குடித்தார். மேடத்தின் பெயர் வினாக்குழுத் தலைமைக்குப் பரிந்துரையானது. தலைமை என்றால் தனி அறை, ஜன்னல், ஐம்பது கேள்விக்கும் மேடத்தின் பாணி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அறிவிப்பதாக இருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் வரவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

மேடத்தின் வீட்டுக்காரர் திரைச்சீலை விற்கும் கடையில் இருக்கிறார். ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மீட்டர் துணி என்று சொல்லிவிடுவார். சமையலறையில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் அடுப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சிலிண்டர் மாற்றும் நாளில் பால்கனிக்குப் போய்விடுவார். ஆனால் கட்டம் என்று எதைக் கண்டாலும் நிரப்பாமல் விடமாட்டார். ஞாயிறு காலையின் குறுக்கெழுத்துதான் அவருடைய வழிபாடு. தாள் வராத துக்கத்தில், அலமாரியிலிருந்த மாதிரி வினாத்தாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைகளில் எல்லோரும் வாங்கும் புத்தகம்தான், ரகசியம் ஒன்றுமில்லை.

அரை மணி நேரம் கழித்து, “முடிச்சாச்சு. திருத்திக் குடும்மா,” என்றார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? சிலிண்டர் எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாது.”

“தேர்வுன்னா எல்லாருக்கும் பொது. நீ திருத்து.”

மேடம் சிரித்துக்கொண்டே திருத்தினார். ஒத்தை விடையின் இருபத்தைந்தில் ஆறு சரி. “நல்லாக் குத்தியிருக்கீங்க,” என்றார். பக்கத்தைத் திருப்பித் தன் இருபத்தைந்துக்கு வந்தார். சரி. சரி. சரி. தப்பு. சரி. சிரிப்பு முதலில் போயிற்று. பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இருபத்தொன்று.

“அம்மா, அப்பா பாஸா?” என்று கல்லூரிக்குப் போகும் மகள் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள். “அப்பா இனிமே கேஸ் ரிப்பேருக்குப் போகலாமா? ஐயோ, தெருவையே காலி பண்ணச் சொல்லு.”

“விடைப் பக்கத்தைப் பார்த்தீங்களா?” என்றார் மேடம்.

“சேச்சே. பார்த்தா அப்புறம் என்ன ருசி?”

“அப்போ எப்படி? கேஸ் காற்றைவிடக் கனம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அப்படியா? கனமா?” அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். “நான் அதெல்லாம் படிக்கலையே. கேள்வியே படிக்கலை. கீழ விடை இருக்குல்ல, அதைத்தான் பார்த்தேன். ஓட்டு எண்ணுறமாதிரி எண்ணினேன்.”

“என்ன ஓட்டு?”

அவர் பென்சிலை எடுத்துக்கொண்டார். “இதோ பாரு. அ, இ. அ, ஆ. இ, ஈ. அ, ஆ, இ. அ-வுக்கு மூணு ஓட்டு. இ-க்கு மூணு ஓட்டு. ஆ-வுக்கு ரெண்டு. ஈ பாவம், ஒரே ஓட்டு, அதுவும் அவங்க வீட்டுக்காரம்மா போட்டதா இருக்கும். அப்போ ஜெயிச்சது அ-வும் இ-யும். அந்த ரெண்டு பேர் மட்டும் எங்க சேர்ந்து இருக்காங்க? ஒண்ணாவது விடை. முடிஞ்சது.”

மகள் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அப்பா, அடுத்ததுக்கும் செய்ங்க.”

செய்தார். சரி. அதற்கு அடுத்ததும் சரி.

“குடும்ப போட்டோ மாதிரி இருக்கும்மா,” என்றார் அவர், பாராட்டுகிற தொனியில். “எல்லாருக்கும் ஒரே மூக்கு. அந்த மூக்கும் முழியும் யார்கிட்ட முழுசா இருக்கோ அவர்தான் அப்பா. மத்ததெல்லாம் பிள்ளைங்க, ஒண்ணு கூட, ஒண்ணு குறைச்சல்.”

மேடம் கேள்வி எழுதுவதே அப்படித்தான். முதலில் சரியான கூட்டை எழுதுவார்: அ, இ. பிறகு அதையே கொஞ்சம் கெடுப்பார். ஒன்றைச் சேர்ப்பார்: அ, ஆ, இ. ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்: அ, ஆ. தவறான விடை சரியானதைப் போலத் தோன்ற வேண்டுமே என்ற அக்கறை. அந்த அக்கறையால் சரியான எழுத்துகளே எல்லாக் கூட்டிலும் ஏறி உட்கார்ந்தன. குத்திவிட்டுப் போகிறவர்களைத் தடுக்கக் கட்டிய சுவரில், குத்துகிறவர்களுக்கென்றே ஒரு கதவை, அழகாகத் தாழ்ப்பாள்கூட இல்லாமல், வைத்திருக்கிறார்.

“என்னம்மா, தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?”

“இல்லீங்க. ரொம்பச் சரியா சொல்லிட்டீங்க. அதான்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில், கேள்விகள் வெளியே போகாமலிருக்க இணையத் தொடர்பே தராத கணினியைத் திறந்து, தன் கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணினார். பெரும்பாலானவை குடும்ப போட்டோதான். ஒத்தை விடை காட்டிய பழைய கணக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. கடைசியாக வந்தவன் அவர் பாடத்தைப் படித்துத் தேறவில்லை. ஓட்டு எண்ணித் தேறியிருக்கிறான். எத்தனை பேர் அப்படி உரிமம் வாங்கிக்கொண்டு, ஸ்பானரும் கையுமாக எந்தெந்தச் சமையலறைக்குள் நிற்கிறார்களோ.

பேசாமல் இருந்துவிடலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காவிட்டால் ஜன்னல் வைத்த அறை. அப்புறம் தலைவராக உட்கார்ந்து சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. இது மோசமான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். பல அலுவலகங்களில் சீர்திருத்தம் என்பது இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அடுத்த தேர்வு அதே மாத இறுதியில். தாள் தயாராகி அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அதிலும் இருபத்தைந்து குடும்ப போட்டோ.

செவ்வாய் இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “அம்மா, சொல்லப் போறியா? அ, சொல்லிட்டுப் பதவியை விடறது. ஆ, சொல்லாமப் பதவியை வாங்கறது. இ, சொல்லிட்டும் பதவியை வாங்கறது.”

“இ வராதுடி. அவங்க தரமாட்டாங்க.”

“அப்போ ஆ?”

“ஆ எனக்கு வராது. ரொட்டியை எடு.”

புதன்கிழமை இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக் கேட்டால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்தார்.

“எழுத்தை எண்ணினா பாஸாயிடலாமா? என்ன மேடம், பத்திரிகைத் துணுக்கு மாதிரி பேசறீங்க? எத்தனை வருஷமா ஓடற தேர்வு இது!”

“அதான் சார் பயமா இருக்கு.”

“யாரோ ஒருத்தருக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கும். அதுக்காகத் தேர்வைத் தள்ளிப்போட முடியுமா? யாரு அந்த ஆளு?”

“என் வீட்டுக்காரர்.”

“கேஸ் தெரிஞ்சவரா?”

“திரைச்சீலை விக்கறார் சார்.”

இயக்குநர் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். அழைத்து வரச் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு, தேய்த்த சட்டையோடு வீட்டுக்காரர் வந்தார். வரும்போதே கூட்ட அறையின் ஜன்னலைப் பார்த்து, “துணி குட்டையா இருக்கே,” என்றார். மேடம் கண்ணால் அடக்கினார். நடந்து முடிந்து வெளியிடப்பட்ட ஒரு பழைய தாளை எடுத்து, இயக்குநரே தன் கையால் கொடுத்தார். எதிரில் ஒத்தை விடை, கையில் காபியோடு.

வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணினார். நடுவே ஒருமுறை, “அட, இங்க இழுபறி,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முடித்ததும் ஒத்தை விடையே திருத்தினார். அவருடைய பகுதியில் வழக்கம்போலச் சொற்பம். மேடத்தின் பகுதியில் அறுவடை. கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல். உரிமம் கிடைத்துவிட்டது.

“அதிர்ஷ்டம்…” என்று இயக்குநர் இழுத்தார்.

“சார், அவரையே ஒண்ணு கேளுங்களேன்,” என்றார் மேடம்.

இயக்குநர் திரும்பினார். “ஒரு வீட்டுக்குப் போறீங்க. உள்ளே கேஸ் வாசனை வருது. முதல்ல என்ன செய்வீங்க?”

“என் வீட்டுக்காரியைக் கூப்பிடுவேன் சார்.”

“அவங்க ஊர்ல இல்லைன்னா?”

வீட்டுக்காரர் யோசித்தார். அவருக்கு உதவ எழுத்துகள் ஏதும் இல்லை. “எங்கேருந்து வருதுன்னு தெரியணும்ல? லைட்டைப் போட்டுத் தேடுவேன்.”

சுவிட்சில் ஒரு சிறு பொறி போதும் என்று அங்கிருந்த மூன்று பேருக்குத் தெரியும். உரிமம் வாங்கப் போதுமான மதிப்பெண் எடுத்த நான்காமவருக்குத் தெரியாது. அவர் புன்னகையோடு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தப்பாம்மா?”

“தப்புதாங்க,” என்றார் மேடம் மெதுவாக. “சார், கசிவு எங்கேன்னு பார்க்க சோப்பு நுரையைத் தடவுவோமே. நம்ம தேர்வுக்கு இவர்தான் சோப்பு நுரை.”

இயக்குநர் இந்தமுறை கண்ணாடியைத் துடைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டார். தேர்வு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த இருபத்தைந்தும் தாளிலிருந்து வெளியேறின. மேடத்தின் கூட்டு விடைகளால் தேறியிருந்தவர்களுக்கு, நேரில் வந்து ஒரு இணைப்பைச் செய்து காட்டும்படி கடிதம் போயிற்று. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜன்னல் அறை ஒத்தை விடைக்குப் போனது.

அவர் எழுந்து, “இதுல ஒவ்வொரு கேள்வியையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். எழுத்தை நானும் எண்ணலை,” என்றார். பிறகு மேடத்திடம் தனியாக வந்து, “அன்னிக்கு அந்தக் கணக்கைக் காட்டினேன்ல, அது எதனாலன்னு எனக்கும் சத்தியமாத் தெரியாது மேடம். பொறாமையும் கொஞ்சம் இருந்துச்சு,” என்றார். மேடம் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். ஜன்னல் அறையில் இருவரும் உட்கார்ந்து குடித்தார்கள். அங்கேயும் ஜன்னல் துணி குட்டையாகத்தான் இருந்தது.

மேடத்துக்கு மீதி வேலை கிடைத்தது: எல்லாவற்றையும் மாற்றி எழுதுவது. விடைத்தாளை மாற்ற முடியாது, இயந்திரம் பழசு, கோபக்காரன். நான்கு வட்டத்துக்குள்ளேயே ஒழுங்கு செய்தாக வேண்டும். அவர் கூற்றுகளைத் தொடவில்லை. தீக்குச்சிக்காரரையும் பபிள்கம்காரரையும் வெளியே அனுப்ப மனம் வரவில்லை. கூட்டுகளை மட்டும் கலைத்தார். அ, இ. ஆ, ஈ. அ, ஈ. ஆ, இ. ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாக இரண்டு ஓட்டு. யாருக்கும் யார் ஜாடையும் கிடையாது. மூன்று சரி என்று வரும் கேள்விக்கு, நான்கில் மூன்றாக எத்தனை விதத்தில் எடுக்க முடியுமோ அத்தனையும் நான்கு வட்டத்தில் வைத்தார், எல்லோருக்கும் மும்மூன்று. இதிலும் ஒன்று தெரிந்தவன் சில விடைகளைக் கழித்துவிடலாம், முழுவதும் அடைக்க முடியாதுதான். ஆனால் அவனுக்கு ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை. புது மாதிரித் தாள் புத்தகமாக வெளிவந்திருந்தது. செய்தித்தாள் வந்திருந்தும் மேடம் அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, தன் இருபத்தைந்து இருந்த பக்கத்தைத் திறந்து புத்தகத்தையும் பென்சிலையும் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார்.

அவர் உற்சாகமாகத் தொடங்கினார். முதல் கேள்வியிலேயே நின்றார். எண்ணினார். திரும்ப எண்ணினார்.

“என்னம்மா இது? எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு ஓட்டு! யாரைத்தான் ஜெயிக்க வைக்கிறது?”

“அது உங்க பாடு.”

அடுத்த கேள்விக்குப் போனார். பெருமூச்சு விட்டார். தலையைச் சொறிந்தார். மகள் வந்து பார்த்துவிட்டு, “அப்பா, கேள்வியைப் படிச்சுப் பாருங்களேன்,” என்றாள். “அதுவேறயா?” என்றார் அவர். கண்ணை மூடிக் குத்திக்கொண்டே போய், கடைசியில் முகம் வாடிப் புத்தகத்தைத் தள்ளினார்.

மேடம் திருத்தினார். தப்பு. தப்பு. சரி. தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு எழுந்து, வீட்டுக்காரரின் கன்னத்தைக் கிள்ளினார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிக் கிள்ளியதில்லை என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

“எத்தனை?” என்றார் அவர் பயத்தோடு.

“ஆறு!” என்றார் மேடம். “இருபத்தஞ்சுக்கு ஆறே ஆறு! அடியே, உங்கப்பா பெயிலுடி!”

அடுப்பைப் பற்ற வைத்து, அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.